காலை நடையின் கணக்கும் சப்பாத்தின் அளவும்

திருகோணமலையில் விடியற்காலை நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. உள் துறைமுக வீதி தண்ணீரை ஒட்டிச் சமதரையாகப் போகிறது. டச் பே கடற்கரையில் மணல் இருக்கிறது. பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்தால், மான்கள் மேயும் இடத்தைத் தாண்டிக் கோணேசர் கோயில் வரைக்கும் ஏற்றம். இந்த மூன்று இடத்திலும் விடியமுன் நடப்பவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். கிளினிக்கில் இரத்தம் சோதித்துவிட்டு, "நிறையைக் குறைக்கவேணும், காலையில நடவுங்கோ" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும், காலில் எதைப் போட வேண்டும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே வீட்டில் கிடக்கும் றப்பர் செருப்போடு, கூட வருபவரின் வேகத்தில் நடக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தராசு முள் அசையவில்லை என்று கண்டதும் நின்றுவிடுகிறார்கள்.

தராசு ஏன் அசையவில்லை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 48 வயது, 170 சென்ரிமீற்றர் உயரம், 80 கிலோ நிறை, இடுப்புச் சுற்று 100 சென்ரிமீற்றர் உள்ள ஒரு அலுவலக ஊழியரை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கும் நிறைக்குமான விகிதமாகிய உடல் நிறைச் சுட்டெண் இவருக்கு ஏறத்தாழ 27.7. ஐரோப்பியருக்கு 25, 30 என்று வைத்திருக்கும் எல்லைகளோடு, ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற இன்னும் தாழ்ந்த எச்சரிக்கைப் புள்ளிகளையும் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் முன்வைத்தது. அதே சுட்டெண்ணில் நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம், நீரிழிவும் முந்தியே வருகிறது என்பதுதான் காரணம். இடுப்புச் சுற்றுக்கும் தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே எல்லை. நம்முடைய ஊழியர் இரண்டு எல்லைகளையும் தாண்டி நிற்கிறார்.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடல், ஒரு கிலோ நிறைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவழிக்கும். இதை ஒரு மெட் என்பார்கள். மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் கதைத்துக்கொண்டு நடந்தால் செலவு 3 மெட் அளவுக்குப் போகும். மணிக்கு ஐந்தரை கிலோமீற்றரைத் தாண்டினால் 4.3 மெட் அளவில் நிற்கும். உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் அந்த ஒரு மெட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் நடையின் உண்மையான பலன் தெரியும். 80 கிலோ ஆள் 45 நிமிடம் மெதுவாக நடந்தால் மிச்சம் 120 கிலோகலோரி. விறுவிறுப்பாக நடந்தால் ஏறக்குறைய 200. நேரம் ஒன்றுதான், ஆள் ஒன்றுதான். வேகம் மட்டும் மாறியதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டக் கூடுதல்.

இந்த வித்தியாசம் வருவதற்குக் காரணம் நடையின் இயக்கவியல். ஊன்றிய காலுக்கு மேலே உடம்பு ஏறி இறங்கும்போது உயரத்தில் சேர்ந்த சக்தி அடுத்த கணம் முன்னோக்கிய வேகமாக மாறுகிறது. அதனால் தசைகள் செய்ய வேண்டிய வேலை குறைகிறது. இந்தச் சிக்கனம் ஏறத்தாழ மணிக்கு நாலரை முதல் ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் உச்சத்தில் இருக்கும். நம்மை அறியாமலே கால்கள் தேர்ந்துகொள்ளும் வேகமும் அதை ஒட்டியதுதான். அதற்கு மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீற்றருக்குமான செலவு கூடிக்கொண்டே போகும். விறுவிறு நடை என்பது உடம்பு விரும்பும் சிக்கனத்தைத் தெரிந்தே கெடுப்பது. இயல்பாக வரும் நடையில் நிறை எளிதில் குறையாததன் சூட்சுமம் இதுதான்.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரமே போதும். நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் மிதமான உழைப்பு தொடங்குகிறது என்பது நடுத்தர வயதினரிடமும் முதியவர்களிடமும் சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. நம்முடைய ஊழியரின் உயரத்துக்கு மணிக்கு ஐந்தரை கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி வரும். பதினைந்து விநாடிக்கு 30 அடி என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் ஒரு வசனம் பேச முடியும், ஒரு பாட்டை முழுதாகப் பாட முடியாது. முதல் வாரமே 120 என்று போகத் தேவையில்லை. 105இல் தொடங்கி, ஒவ்வொரு பத்து நிமிட நடையிலும் இரண்டு நிமிடம் மட்டும் 120க்கு ஏற்றி, வாரந்தோறும் அந்த இரண்டை மூன்றாக, நாலாக நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முழு நடையும் அந்த வேகத்துக்கு வந்துவிடும்.

இப்போது நிறைக் கணக்கு. வாரத்தில் ஆறு நாள் நடந்தால் 1,190 கிலோகலோரி. உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7,700 கிலோகலோரி செலவாக வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ குறைய ஆறரை வாரம். அதிலும் உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது. நடையில் செலவழித்ததில் கால்பங்குக்குச் சற்று மேலே, மற்ற வேலைகளில் சிக்கனம் பிடித்து ஈடுசெய்துகொள்கிறது என்று 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்திருக்கிறது. அதைக் கழித்தால் ஒரு கிலோவுக்கு ஒன்பது வாரம், ஒரு வருடத்துக்கு ஆறு கிலோவை ஒட்டி. நிறை குறையக் குறைய நடையின் செலவும் குறையும் என்பதால் உண்மையில் அதற்கும் கொஞ்சம் கீழேதான் வரும். நடந்து முடிந்ததும் தராசில் ஏறி அரைக் கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. அது வியர்வை. கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் கூடுதலாகக் காட்டும். இரண்டு குவளை தண்ணீரில் திரும்பி வந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கலைக்க ஒரு பால் தேத்தண்ணி போதும். முழு ஆடைப் பால்மா 20 கிராமில் 100 கிலோகலோரி, மூன்று தேக்கரண்டி சீனியில் 50. நடை முடிந்து கடையில் அதையும் ஒரு வடையையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அன்றைய நடை நிறைக்கு எதுவும் செய்யவில்லை என்றே சொல்லலாம். கடையில் கூடி இருந்து கதைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பிளேன்டியும் கதையும் கணக்கைப் பெரிதாகக் கெடுக்காது.

நாற்பதுக்குப் பிறகு உடம்பு எரிப்பதே குறைந்துவிடும், என்ன செய்தும் பயனில்லை என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. ஹேர்மன் பொன்ட்ஸர் முதலானவர்கள், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரை 6,400க்கும் மேற்பட்டவர்களின் சக்திச் செலவை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். உடலின் கொழுப்பற்ற பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. மாறுவது தசையின் அளவும், கதிரையில் கழியும் நேரமும்தான். நடை இரண்டாவதை நேரடியாகத் தொடுகிறது. தராசு நகராத வாரங்களிலும் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் படிந்த கொழுப்பு நடையினால் குறையக்கூடும். அதனால்தான் மாதத்துக்கு ஒருமுறை தராசைவிட அளவுநாடாவை நம்பச் சொல்வது. தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், அதே நாடாவால் அளக்க வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் கீழே நடந்தால் நிறையில் மாற்றம் மிகக் குறைவு, 250 நிமிடத்தைத் தாண்டினால்தான் சொல்லிக்கொள்ளும்படி குறையும் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009ஆம் ஆண்டு நிலைப்பாடு. நம்முடைய ஊழியரின் 270 நிமிடம் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. அதாவது, மாதக்கணக்கில் வாரத்துக்கு ஏறக்குறைய 30,000 அடிகள், எல்லாம் வேகமான அடிகள். ஒரு சின்ன உரசலும் இத்தனை தடவை திரும்பத் திரும்ப வந்தால் நடையையே நிறுத்திவிடும். சப்பாத்து என்ற பேச்சு இங்கேதான் வருகிறது.

செருப்பு நடையை மெதுவாக்குகிறது. பின்பிடி இல்லாத செருப்பு கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் அதைப் பற்றிக்கொள்கின்றன. அடி குறுகுகிறது. அலபாமாவின் ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் வார்ச் செருப்பையும் விளையாட்டுச் சப்பாத்தையும் ஒப்பிட்டு 2008இல் சொன்ன முடிவும் இதுதான். குறுகிய அடியோடு 120க்குப் போகப் பார்த்தால் கெண்டைக்காலும் பாத வளைவும் முதலில் களைத்துவிடும். வெறுங்காலில் நடந்தே பழகியவர்களுக்குத் தார் வீதி பிரச்சினையாகாமல் இருக்கலாம். நடுவயதில் புதிதாகத் தொடங்குபவருக்கு அது பொருந்தாது.

ஆனால் நல்ல சப்பாத்து என்றால் தடித்த மெத்தை என்று நினைத்துவிடக் கூடாது. ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் நிறையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் விழும். நடையில் ஒரு மடங்குக்குச் சற்று மேலேதான். மெத்தையின் தடிப்பை விட நடைக்கு முக்கியம் மூன்று: பாதத்தின் அகலத்துக்கு இடம், பந்துப் பகுதியில் வளைவு, குதியைப் பிடித்து வைக்கும் பின்பக்கம்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் முதல் சப்பாத்து பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். தென்னிந்தியாவில் வெறுங்காலில் வளர்ந்தவர்களின் பாதங்களையும், அங்கேயே சப்பாத்து அணிபவர்களின் பாதங்களையும், பெல்ஜியம் நாட்டவரின் பாதங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. வெறுங்காலில் நடப்பவர்களின் முன்பாதம் அகன்று, அழுத்தமும் பாதம் முழுவதும் சீராகப் பரவியிருந்தது. செருப்போடு வளர்ந்த நம் கால்களும் அந்தப் பக்கம் சாய்ந்தவையே. மேற்கத்திய அச்சில் வார்த்த சப்பாத்து நீளத்துக்குச் சரியாக இருக்கும், சுண்டுவிரல் பக்கத்தில் கடிக்கும். உடனே ஒரு அளவு பெரியது கேட்கிறோம். பிரித்தானிய அளவில் ஒரு எண் கூடினால் நீளம் எட்டரை மில்லிமீற்றர் கூடும், அகலம் கொஞ்சம்தான் கூடும். இப்போது குதி ஆடத் தொடங்கிவிடும். குதி ஆடினால் கொப்புளம்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. மாலை நேரத்தில், பகல் முழுக்க நின்று பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, ஒரு பழுப்புக் கடதாசியை நிலத்தில் விரித்து அதன்மேல் நிறை முழுவதையும் கொடுத்து நில்லுங்கள். வேறொருவர் பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரையட்டும். குதியிலிருந்து மிக நீண்ட விரல்வரை அளவெடுங்கள். பலருக்கு அது இரண்டாம் விரலாக இருக்கும். இரண்டு பாதமும் சமமாக இருப்பதும் குறைவு. பெரிய பாதத்துக்குத்தான் சப்பாத்து. வரைந்த உருவத்தை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடையில் சப்பாத்தின் நாக்குக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கும் துண்டில் UK, US, EU என்ற எண்களோடு CM என்று ஒன்றும் இருக்கும். அது பெரும்பாலும் அந்தச் சப்பாத்து ஏற்கும் பாதத்தின் நீளம். நிறுவனத்துக்கு நிறுவனம் 8, 9 எல்லாம் மாறும். சென்ரிமீற்றர் எண்ணில் அவ்வளவு குழப்பம் வராது. பிறகு உள்ளே இருக்கும் மெத்தைத் தட்டை வெளியே இழுத்தெடுத்து, வெட்டிய கடதாசியை அதன்மேல் வையுங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கடதாசி தட்டைத் தாண்டி வெளியே தொங்கினால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு இல்லை. "அக்கா, ரெண்டு நாள் போட்டா இளகிரும்" என்று கடைக்காரத் தம்பி சொல்லுவார். தோல் சப்பாத்து இளகும். இன்றைய நடைச் சப்பாத்தின் மேற்பகுதி செயற்கை நூல் வலை, பக்கங்களில் ஒட்டிய பிளாஸ்ரிக் பட்டிகள். அது பெரிதாக இளகாது. அகன்ற பாதமுள்ள பெண்கள் ஆண்களுக்கான அடுக்கிலும் பார்க்கலாம். ஒரே நீளத்தில் ஆண்களின் சப்பாத்து பொதுவாகக் கொஞ்சம் அகலம்.

நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குக் கடதாசிச் சோதனை கட்டாயம் என்றே சொல்வேன். இறுக்கம் அவர்களுக்குத் தெரியாது, தெரிய வரும்போது புண்ணாகியிருக்கும். இன்சுலினோ, சீனியை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு முக்கால் மணி நேரம் விரைந்து நடப்பதற்கு முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சு இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் அன்றைய நடை அங்கேயே முடிகிறது.

வளைவைப் பார்க்க, சப்பாத்தின் குதியை ஒரு கையிலும் முனையை மறு கையிலும் பிடித்து மடித்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் அது மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாத வளைவுக்குத் தாங்கல் இல்லை. எங்குமே மடியாவிட்டால் இன்னொரு சிக்கல். விறுவிறு நடையில் குதி முதலில் தரையில் படுகிறது, பிறகு முன்காலின் தசை பாதத்தை மெல்ல இறக்கி வைக்கிறது. அடி விறைப்பாகவும் குதி உயரமாகவும் இருந்தால் அந்தத் தசைக்கு வேலை கூடும். தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் இதுதான். வேகத்தைச் சற்றுக் குறைத்து, அடியைக் குறுக்கி நடந்தால் இரண்டு வாரத்தில் தசை பழகிவிடும். எலும்பின்மேல் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் வலிக்குமென்றால் அது வேறு, நடையை நிறுத்திக் காட்ட வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதி குத்தினால் பாதத்தடியின் தசைநார் நொந்திருக்கிறது. அதற்கு மெத்தை கூட்டுவதைவிட, நடையின் நேரத்தைக் குறைத்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்வது பயன் தரும்.

ஈரக் காலைச் சீமெந்துத் தரையில் வைத்து, தடத்தைப் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு ஒரு சப்பாத்து, உயர்ந்த வளைவுக்கு ஒரு சப்பாத்து என்று தேர்ந்தெடுக்கும் முறை பல ஆண்டு புழங்கியது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைத் துருப்புகளின் பயிற்சிக்காரர்களிடம் இப்படித் தேர்ந்து கொடுத்துச் சோதித்ததில் காயங்கள் குறையவில்லை. போட்டு நாலு தடவை கடைக்குள் வேகமாக நடந்து பார்க்கும்போது எது முதல் அடியிலிருந்தே உறுத்தாமல் இருக்கிறதோ, அதை எடுப்பதே கூடுதல் நம்பகமானது. விலை கூடியது என்பதற்காக எடுப்பதில் ஒரு பலனும் இல்லை.

லேஸ் கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல சப்பாத்துகளில் மேலே, சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத கடைசித் துளை ஒன்று இருக்கும். லேஸை அதே பக்கத்து இரு துளைகளுக்கிடையில் ஒரு சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள்ளால் இழுத்துக் கட்டினால் குதி பூட்டியதுபோல் நிற்கும். முன்பாதத்தில் லேஸைத் தளர்வாக விடலாம். கோணேசர் கோயில் ஏற்றத்தால் இறங்கி வரும்போது விரல்நகம் முனையில் இடித்துக் கறுத்துப் போவதை இந்தக் கட்டு பெரும்பாலும் தடுக்கும். கோயில் வாசலில் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து அவசரத்தில் கட்டாமல் இழுத்துக்கொண்டு இறங்குபவர்களுக்கே அந்த நகம் கறுக்கிறது.

டச் பே மணலில் நடக்க விரும்புபவர்களுக்கு ஒரு சொல். மெல்லிய மணலில் நடப்பதற்கு இறுகிய தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி தேவை என்று 1998இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். நிறையைக் குறைக்க நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குதி மணலில் புதைவதால் குதிநாண் அதிகம் இழுபடும், கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்து நடக்கும். முதல் இரண்டு மாதம் உள் துறைமுக வீதியே போதும்.

ஒரு சப்பாத்து எத்தனை காலம்? அடியில் உள்ள மெத்தை பெரும்பாலும் ஈவிஏ என்ற நுரை. கோடிக்கணக்கான காற்றறைகள் நசிந்து நசிந்து மீளும் திறனை இழந்துபோகும். ஓடுபவர்களுக்கு 500 முதல் 800 கிலோமீற்றர் என்று சொல்வார்கள். நாளுக்கு 4 கிலோமீற்றர் நடப்பவர் ஆறேழு மாதத்தில் அந்த எண்ணைத் தொட்டுவிடுவார். ஆனாலும் நடையின் விசை குறைவு என்பதால் அதற்கு மேலும் உழைக்கும். எண்ணை நம்பாமல் சப்பாத்தை மேசைமேல் வைத்துப் பின்னால் இருந்து பாருங்கள். குதி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், மெத்தையின் பக்கவாட்டில் நிரந்தரச் சுருக்கங்கள் விழுந்திருந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது. வியர்வையில் நனைந்ததை வெயிலில் வைத்துக் காயவிட வேண்டாம், சூட்டில் நுரையும் பசையும் கெடும். பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் விடலாம்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் அனுப்பி, பெட்டியிலேயே சில வருடம் இருந்த சப்பாத்துகளை எடுத்துப் போடுபவர்கள் இங்கே நிறைய. அவற்றில் சிலவற்றின் அடி ஈவிஏ அல்ல, பொலியூரேத்தேன். கடற்காற்றின் ஈரப்பதம் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இது நடக்கும். பார்வைக்குப் புதுசாகவே இருக்கும். குதிப்பக்க மெத்தையைப் பெருவிரல் நகத்தால் அழுத்தமாகக் கீறிப் பாருங்கள். பொடிந்து தூளாக வந்தாலோ, பிசுபிசுத்தாலோ, வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. கோட்டை ஏற்றத்தின் பாதி வழியில் அடி கழன்றால், இறங்குவது ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் மேஸுமாகத்தான்.